தோசைக் கல்லில் தூவிய மாவு: ஒரு பள்ளி உணவகத்துக்கு எழுதிய இரண்டு கடிதங்கள்

நான் சிங்கப்பூரில் குழந்தைகளுக்கான உணவியல் நிபுணராக வேலை செய்கிறேன். சீலியாக் நோய் உள்ள ஒரு மாணவிக்காக அவள் பள்ளி உணவகத்துக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தில் தவறான தகவல் எதுவும் இல்லை, ஆனாலும் அது அவளைக் காப்பாற்றவில்லை. பெற்றோரும் கடைக்கார அம்மாவும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

சிறுமி அப்போது தொடக்கநிலை 1 படித்துக்கொண்டிருந்தாள். தமிழ்க் குடும்பம். வீட்டில் அம்மா, அப்பா, பாட்டி. ஒரு வருடமாகவே சோர்வு, அடிக்கடி வயிற்று உப்புசம். உயரம் கூடுவது மந்தமாகியிருந்தது. இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ரத்தத்தில் இரும்பு ஏறவில்லை. இப்படி மருந்து கொடுத்தும் ஏறாவிட்டால், குடல் அதை உறிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவர் அதைத்தான் பார்த்தார். சீலியாக் நோயில் ரத்தத்தில் கூடும் டிடிஜி என்ற எதிர்ப்பொருளைப் பரிசோதித்தார்கள். அந்த ஆய்வகத்தின் இயல்பு வரம்பு 10. அவளுக்கோ 128க்கு மேல் என்று வந்தது. கருவி அதற்கு மேல் அளக்காது. பிறகு தனியாக எடுத்த ரத்தத்தில் இன்னொரு எதிர்ப்பொருளும் இருந்ததால், குடல் திசு எடுக்காமலேயே நோய் உறுதியானது.

சீலியாக் என்பது ஒவ்வாமை இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலின் உள்சுவரையே தாக்குகிறது. இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க குளூட்டனை விலக்குவதுதான் சிகிச்சை. தென்னிந்திய வம்சாவளியினரிடம் இது வட இந்தியர்களிடம் இருப்பதை விட மிகக் குறைவு. அதனால் பள்ளியிலும் உறவினரிடத்திலும் பெயரையே கேள்விப்படாதவர்கள்தான் அதிகம் என்று சிறுமியின் அம்மா சொன்னார்.

வீட்டில் மாற்றங்கள் உடனே நடந்தன. இடைவேளை உணவுதான் பிரச்சினை. மற்ற பிள்ளைகளைப் போலத் தானும் வரிசையில் நின்று வாங்க வேண்டும் என்பது சிறுமியின் ஆசை. உணவகத்தில் ஓர் இந்திய உணவுக் கடை இருந்தது. தோசை, இட்லி, சோறு, சப்பாத்தி, பீஹூன் எல்லாம் அங்கே கிடைக்கும். தோசையும் இட்லியும் அரிசியும் உளுந்தும்தானே என்று நானும் அதற்குச் சம்மதித்தேன்.

முதல் கடிதம்

ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினேன். நோய் என்ன, எந்தெந்தப் பொருளில் குளூட்டன் இருக்கும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று நீண்ட பட்டியல். கோதுமை, மைதா, ரவை, சேமியா, சோயா சாஸ், மால்ட் சேர்ந்த பானங்கள், பார்லித் தண்ணீர், கோதுமைப் புரதத்தில் செய்த சைவ இறைச்சி எல்லாம் அதில் இருந்தன. தமிழ்ச் சமையலறைக்கென்று ஒன்றைத் தடித்த எழுத்தில் போட்டேன்: கூட்டுப் பெருங்காயம். கடையில் கிடைக்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். இதைக் கண்டுபிடித்து எழுதியதில் எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

பள்ளியின் ஆசிரியர் ஒருவர் கடிதத்தைக் கடைக்கார அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவின் மகன் அதைப் படித்துச் சொல்லியிருக்கிறார். அம்மா உடனே அரிசி மாவு கலந்த பெருங்காயத்தைத் தேடி வாங்கினார். சிறுமிக்குத் தோசை மட்டும் கொடுப்பது என்றும் முடிவு செய்தார். எல்லாரும் சரி என்றோம். நான் கடைக்குப் போய்ப் பார்க்கவில்லை.

கவனித்தவை

ஆறு மாதத்தில் டிடிஜி 61க்கு இறங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் பன்னிரண்டாவது மாதத்தில் 58. சரிவு நின்றுபோயிருந்தது. இந்த எண் முழுமையாக இயல்புக்கு வர ஒரு வருடம், சில பிள்ளைகளுக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். அதனால் 58 என்ற அளவு என்னைப் பயமுறுத்தவில்லை. ஆறு மாதமாக அது அசையாமல் நின்றதுதான் பயமுறுத்தியது. எங்கிருந்தோ தினமும் கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள்.

சிறுமிக்கு வலியோ வாந்தியோ எதுவும் இல்லை. "பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கடைக்காரருக்கு இந்த நோயைப் புரியவைப்பதில் பெரிய தடை இதுதான். கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் தவறாகக் கொடுத்தால் நிமிடங்களில் தெரிந்துவிடும். இங்கே தவறு நடந்த அன்று ஒன்றுமே தெரியாமல் போகலாம், ரத்தம் சொல்ல மாதங்கள் ஆகும்.

இரண்டு வாரம் உணவுக் குறிப்பு எழுதச் சொன்னேன். வீட்டுப் பக்கம் பெரிய ஓட்டை எதுவும் தென்படவில்லை. வாரத்தில் நான்கு நாள் பள்ளியில் இரண்டு தோசையும் சாம்பாரும். பள்ளியிடம் அனுமதி பெற்று, ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு உணவகத்துக்குப் போனேன்.

கடையில் ஒரே ஒரு பெரிய தோசைக்கல். ஆறே காலுக்கு அம்மா சப்பாத்தி தேய்க்க ஆரம்பித்தார். பள்ளி உணவில் முழுதானியம் சேர்க்க வேண்டும் என்பது சுகாதார மேம்பாட்டு வாரியத் திட்டத்தின் விதிகளில் ஒன்று. அதனால் தினமும் முழுக்கோதுமைச் சப்பாத்தி உண்டு. பலகையில் ஒட்டாமல் இருக்க உலர்ந்த மாவைத் தூவித் தூவித் தேய்த்தார். ஒவ்வொரு சப்பாத்தியும் அந்தத் தூவு மாவோடு கல்லில் விழும். பத்துச் சப்பாத்தி முடிந்தபோது கல்லின் விளிம்பில் பழுப்பேறிய மாவு வளையம் கட்டியிருந்தது.

பிறகு தோசை. அம்மா பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்த்தார். நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். நான் அந்த வெங்காயத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். வெட்டிய முகத்தின் வளையங்களுக்கு நடுவே எண்ணெயில் குழைந்த மாவு, பசை போல அப்பியிருந்தது. கல்லைத் துடைப்பதாக நினைத்துச் செய்த காரியம், மாவை நடுவரைக்கும் சீராகத் தடவிக்கொண்டிருந்தது. அதன் மேல்தான் சிறுமியின் தோசை ஊற்றப்பட்டது. சுட்டு எடுத்த தோசையின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் ஒட்டியிருந்தன.

"கல்லு இவ்வளவு சூட்ல இருக்கு, எதுவும் தங்காதுங்க" என்றார் அம்மா. நியாயமான நம்பிக்கைதான், கிருமி என்றால் அப்படித்தான். ஆனால் குளூட்டன் உயிர் உள்ள பொருள் இல்லை, சமையல் சூட்டில் சாகாது. கருகிய மாவையும் மாவாகத்தான் எண்ண வேண்டும்.

அப்புறம் அவர் பெருங்காய டப்பாவை எடுத்துக் காட்டினார். அரிசி மாவு என்று போட்டிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். நான் தடித்த எழுத்தில் போட்டதை அவர் அப்படியே செய்திருந்தார். கல்லைப் பற்றி என் நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

கணக்கு

அன்று மாலை உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இவை மதிப்பீடுகள்தான், ஆய்வகத்தில் அளந்தவை இல்லை.

பழைய பெருங்காயமே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எட்டு லிட்டர் சாம்பாருக்கு அம்மா ஒரு தேக்கரண்டி போடுவார். அது சுமார் 4 கிராம். அதில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால் 2 கிராம் மாவு. மாவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குளூட்டன் இருக்கும். ஆக மொத்தப் பானையிலும் 180 மில்லிகிராம். சிறுமிக்குப் போவது ஒரு கரண்டி, அதாவது 100 மில்லிலிட்டர். அவள் பங்கு சுமார் 2 மில்லிகிராம்.

கல்லில் இருப்பது வேறு கதை. இரண்டு தோசையிலும் சேர்த்துக் கால் தேக்கரண்டி மாவு ஒட்டினால் அது சுமார் 0.7 கிராம். அதில் குளூட்டன் 60 மில்லிகிராம்.

ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான நோயாளிகளுக்குக் குடல் பாதிப்பு வருவதில்லை. தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குடல் சுவர் பழுதானது தெரியவந்தது. பெருங்காயத்தை மாற்றியது சரிதான், ஆனால் அது 2 மில்லிகிராம் ஆபத்து. அதைவிட முப்பது மடங்கு பெரியது கண்ணெதிரே கல்லில் இருந்தது. நான் பொருள்களின் பட்டியலை எழுதினேனே தவிர, சமையல் எந்த வரிசையில், எந்தப் பாத்திரத்தில் நடக்கிறது என்று எழுதவில்லை.

எடுத்த முடிவுகள்

தோசையை நிறுத்தினோம். தனிக்கல் வைக்கலாமே என்று முதலில் யோசித்தேன். ஆனால் இடைவேளையில் முப்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, இரண்டாவது அடுப்பில் ஒரு தனிக்கல்லைக் காயவைப்பது நடக்கிற காரியம் இல்லை என்று அம்மாவே சொன்னார். அவசரத்தில் பெரிய கல்லிலேயே ஊற்றிவிடத் தோன்றும். இட்லிக்கு அந்தச் சிக்கல் இல்லை. கல்லும் கிடையாது, தூவு மாவும் கிடையாது, முன்கூட்டியே அவித்து மூடி வைக்கலாம்.

பீஹூனையும் விட்டோம். பீஹூன் அரிசிதான், ஆனால் கோதுமை நூடுல்ஸான மீ கோரிங் கிண்டிய அதே வாணலி, அதே சோயா சாஸ். கோதுமை இல்லாத சோயா சாஸ் கிடைக்கிறது. வாணலிக்கு வழி இல்லை. வடையும் அப்படித்தான்: உளுந்துதான் என்றாலும் சமோசா பொரித்த எண்ணெய்.

மிஞ்சியவை இரண்டு: இட்லி சாம்பார், பருப்புச் சோறு அவித்த முட்டை. ஓர் உணவியல் நிபுணராக எனக்கு இது மனத்துக்கு ஒப்பவில்லை. குளூட்டன் இல்லாத உணவில் நார்ச்சத்தும் இரும்பும் குறைய வாய்ப்பு உண்டு, பல வகை கொடுக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான ஆலோசனை. ஆனால் இடைவேளை ஒரு வேளைச் சிற்றுண்டி. வகையை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், பள்ளியில் பாதுகாப்பு போதும் என்று சிறுமியின் அம்மாவோடு பேசி முடிவு செய்தேன். கேழ்வரகு, கீரை, சுண்டல், பழங்கள் என்று வீட்டுப் பட்டியலைத் தனியாக விரித்தோம்.

சிறுமியின் படத்தைக் கடையில் ஒட்டலாம் என்று பள்ளி சொன்னது. பெற்றோருக்கு அதில் விருப்பம் இல்லை, எனக்கும் இல்லை. பதிலாக அவள் ஊதா நிற மூடி போட்ட டப்பாவையும் கரண்டியையும் வீட்டிலிருந்து கொண்டுவருவாள். டப்பாவே அடையாளம். பொதுத் தட்டு, பொதுக் கரண்டியும் தேவைப்படாது.

இரண்டாவது கடிதம்

இம்முறை தமிழில், ஒரே பக்கம். பள்ளிக்கு மட்டும் ஆங்கிலப் படி. அம்மாவிடம் நேரில் வாசித்துக் காட்டி, அவர் மாற்றச் சொன்ன இடங்களை மாற்றிய பிறகே கையெழுத்திட்டேன். அதன் முக்கியப் பகுதி:

"அம்மா, வணக்கம். ஊதா டப்பா கொண்டுவரும் பிள்ளைக்குக் கோதுமை மாவு ஒரு சிட்டிகைகூட வயிற்றுக்குள் போகக் கூடாது. போனால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் குடல் புண்ணாகும். சூடு செய்தாலும் மாவின் கெடுதல் போகாது.

காலையில் கடை திறந்ததும், சப்பாத்தி மாவு பையைத் தொடுவதற்கு முன், இட்லி மாவில் இரண்டு கரண்டியைச் சுத்தமான டப்பாவில் எடுத்து மூடி வையுங்கள். பிள்ளைக்கென்று கொடுத்த சின்ன இட்லித் தட்டில் மட்டும் ஊற்றுங்கள். அந்தத் தட்டு இட்லிப் பானையில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். வெந்ததும் மூடி, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

சாம்பாரும் பருப்பும் கொதித்து இறங்கியவுடன் பிள்ளையின் பங்கை எடுத்து மூடிவிடுங்கள். விற்பனை தொடங்கிய பிறகு பானையிலிருந்து எடுக்க வேண்டாம். சப்பாத்தித் தட்டுக்குப் போன கரண்டி திரும்பப் பானைக்கு வரும்.

பருப்பை ஊறவைக்கும் முன் தட்டில் பரப்பிப் பாருங்கள். சில்லறைப் பருப்பில் கோதுமை மணி கலந்து வருவது உண்டு.

பெருங்காயம், சாம்பார்ப் பொடி, இட்லி மாவு, இவற்றில் எதன் பிராண்டு மாறினாலும் லேபிளைப் படம் எடுத்து எனக்கோ பிள்ளையின் அம்மாவுக்கோ அனுப்புங்கள். பதில் வரும் வரை கொடுக்க வேண்டாம்.

சந்தேகம் வந்தால், மறந்துபோனால், கைதவறினால், 'இன்னைக்கு இல்லைம்மா' என்று சொல்லிவிடுங்கள். பிள்ளையின் பையில் எப்போதும் மாற்றுச் சிற்றுண்டி இருக்கும். நீங்கள் கொடுக்க மறுப்பதால் அவள் பட்டினி கிடக்க மாட்டாள்."

கரண்டி பற்றிய வரி அம்மா சொல்லிச் சேர்த்தது. எனக்குத் தோன்றியிருக்காது. கடைசிப் பத்தியில்தான் அவர் முகம் இளகியது. பிள்ளை வந்து நின்றால் இல்லை என்று சொல்ல மனம் வராது என்பதுதான் அவரை இத்தனை நாள் அழுத்திய விஷயம் என்று அப்போதுதான் சொன்னார்.

பானக் கடைக்கு இரண்டே வரி: மைலோவும் பார்லித் தண்ணீரும் இந்தப் பிள்ளைக்கு வேண்டாம், இரண்டிலும் பார்லி இருக்கிறது. வெறும் தண்ணீர் போதும்.

அதன் பிறகு

முதல் வாரம் மூன்று முறை போய்ப் பார்த்தேன். இட்லி எடுத்து வைப்பது இரண்டாம் நாளிலேயே பழகிவிட்டது. பருப்பைப் பரப்பியபோது ஒருநாள் உண்மையிலேயே நான்கைந்து கோதுமை மணிகள் கிடைத்தன. அம்மா அவற்றை ஒரு காகிதத்தில் மடித்து வைத்து எனக்குக் காட்டினார்.

நான்காவது தவணையில் சறுக்கல். அம்மா குடும்பக் கல்யாணத்துக்காக இரண்டு வாரம் ஊருக்குப் போனார். மாற்றாக வந்த உதவியாளரிடம் கடிதத்தைக் காட்டித்தான் போனார். ஆனால் இட்லி தீர்ந்துபோன நாள்களில் அந்தப் பெண் பாசத்தோடு பெரிய கல்லில் தோசை சுட்டு ஊதா டப்பாவில் வைத்துக் கொடுத்திருக்கிறார். இது மூன்று நாள் நடந்தது. "அக்கா தோசை சுட்டுக் கொடுத்தாங்க, நல்லா இருந்துச்சு" என்று சிறுமி வீட்டில் சொன்னதால்தான் தெரிந்தது. அவளைத் திட்ட வேண்டாம் என்று சிறுமியின் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். பயந்தால் அடுத்த முறை சொல்ல மாட்டாள். கடிதத்தில் ஒரு வரி சேர்த்தோம்: "நீங்கள் கடையில் இல்லாத நாளில் இந்தப் பிள்ளைக்கு விற்க வேண்டாம், முந்தின நாளே அவள் அம்மாவுக்குத் தகவல் சொல்லுங்கள்."

இரண்டாவது கடிதத்துக்கு ஆறு மாதம் கழித்து டிடிஜி 22. பன்னிரண்டு மாதத்தில் 11. இயல்பு வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இரும்புச்சத்து இயல்புக்கு வந்துவிட்டது. உயரம் மீண்டும் தன் பழைய வளர்ச்சிக் கோட்டை நோக்கி ஏறுகிறது.

இது முழுக்கக் கடிதத்தால் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளியில் பார்த்ததைக் கேட்டு, சிறுமியின் அம்மாவும் அதே மாதம் வீட்டுத் தோசைக்கல்லை மாற்றிவிட்டார். அப்பாவுக்குச் சப்பாத்தி சுட்ட கல்தான் அங்கேயும் இருந்தது. உணவுக் குறிப்பில் அது தெரியவே இல்லை, ஏனென்றால் குறிப்பில் "தோசை" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. எந்தக் கல் எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. டிடிஜி குறைந்ததாலேயே குடல் முழுதும் ஆறிவிட்டது என்று உறுதி சொல்லவும் முடியாது. எப்போதோ ஒருமுறை நடக்கும் சறுக்கலை அந்தப் பரிசோதனை காட்டாமலும் போகலாம்.

இனி மாற்றிச் செய்வது

பள்ளி உணவகத்துக்குக் கடிதம் கேட்டு வரும் எந்தக் குடும்பத்துக்கும் இப்போது முதலில் கடிதம் எழுதுவதில்லை. ஒரு காலை அந்தக் கடையில் நின்று, மாவு எங்கே பறக்கிறது, எந்தக் கரண்டி எங்கே போகிறது, எது முதலில் சமைக்கப்படுகிறது என்று பார்த்த பிறகே எழுத உட்காருகிறேன். போக முடியாவிட்டால், இடைவேளைக்கு முந்தைய ஒரு மணி நேரத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பக் கேட்கிறேன்.

உணவுக் குறிப்பிலும் ஒரு புதிய பத்தி சேர்த்திருக்கிறேன்: என்ன சாப்பிட்டாள் என்பதற்குப் பக்கத்தில், எந்தப் பாத்திரத்தில் செய்தது, அதில் அதற்கு முன் என்ன செய்தது.

சிறுமி இப்போது தொடக்கநிலை 3. தோசை வேண்டும் என்று அடிக்கடி கேட்கிறாள். வரும் தவணையிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் சப்பாத்தி போடாமல் விடலாமா, கல்லை முதல்நாள் இரவே கழுவித் தேய்த்து வைக்கலாமா என்று கடைக்கார அம்மா கேட்டிருக்கிறார். முழுதானிய விதியை அன்றைக்குப் பழுப்பரிசிச் சோற்றில் சரிக்கட்ட முடியுமா என்று பள்ளியிடம் கேட்டிருக்கிறோம்.